எழுபது லட்சத்துக்குள் 412 பொருள்கள்: இருப்பு வளைகோடு வரைந்த அனுபவம்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரி பாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் கிடங்குப் பொறுப்பில் இருக்கிறேன். எல்லாப் பொருளுக்கும் ஒரு மாத விற்பனை அளவுக்குப் பாதுகாப்பு இருப்பு வைப்பது எங்கள் பழைய வழக்கம். மொத்த இருப்பு 70 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று நிர்வாகம் கட்டளையிட்டபோது, எவ்வளவு பணத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு குறையும் என்பதைக் காட்டும் பரிமாற்ற வளைகோட்டை வரைந்து தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். முதல் பயணம் முழுவதும் வீணாயிற்று.

நான் வரைந்த கோட்டில் பாதுகாப்பு இருப்பின் மதிப்பு மட்டுமே இருந்தது. அந்தக் கோட்டில் 70 லட்சத்தைத் தேடி, கேட்கும் சரக்கைக் கையிருப்பிலிருந்தே கொடுக்கும் சேவை 99.9 சதவீதத்துக்கும் மேல் கிடைக்கும் என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். தலைமை அலுவலகக் கணக்காளர் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, ஆர்டர் வந்து இறங்கி விற்றுத் தீரும் சரக்கு இதில் எங்கே என்று கேட்டார். அவருடைய 70 லட்சம் என்பது இருப்புநிலைக் குறிப்பில் வரும் மொத்தச் சரக்கு. ஒவ்வொரு ஆர்டர் அளவிலும் பாதி சராசரியாகக் கிடங்கில் இருக்கும். அதை விலையால் பெருக்கிக் கூட்டினால் எங்களுக்கு 31 லட்சம் வந்தது. ஆக, பாதுகாப்பு இருப்புக்கு மிஞ்சியது 39 லட்சம்தான். வரம்பு எதைக் குறிக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு கோடும் வரையாதீர்கள்.

திரும்பி வந்து தரவைத் துருவியபோது இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. முதலாவது எளிதில் பிடிபட்டது. பாதுகாப்பு இருப்பின் ரூபாய் மதிப்பைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். இம்பெல்லர்களுக்கும் பேரிங்குகளுக்கும் மேலே, பட்டியலின் தலையில், ஓ-ரிங் உட்கார்ந்திருந்தது. நூறு எண்ணம் கொண்ட பாக்கெட்டின் விலை, ஒரு எண்ணத்தின் விலையாகப் பதிவாகியிருந்தது. இந்த ஒரு வரிசைப்படுத்தலை யாரும் தவிர்க்கக் கூடாது.

இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரியாதது. தேவையின் ஏற்ற இறக்கத்தை விற்பனைப் பதிவிலிருந்து எடுத்திருந்தேன். சரக்கு தீர்ந்த நாளில் பதிவில் பூஜ்யம்தான் விழும். கேட்டு வந்தவர் திரும்பிப் போனது எங்கும் ஏறாது. அதனால் அடிக்கடி தீர்ந்துபோகும் பொருளுக்கே தேவை குறைவு என்று கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. எங்களைக் காப்பாற்றியது கவுண்டரில் இருக்கும் அண்ணன். யார் எதைக் கேட்டு இல்லையென்று போனார்கள் என்பதை நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் தேதியோடு குறித்து வைத்திருந்தார். அதில் மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்றில் ஒரே மெக்கானிக்கல் சீல் ஒன்பது முறை எழுதப்பட்டிருந்தது. கணினியில் அந்த நாள்களில் அதன் விற்பனை பூஜ்யம். அந்த நோட்டைச் சேர்த்த பிறகுதான் எண்கள் நிஜத்துக்கு அருகே வந்தன.

இனிப் பங்கீடு. பட்ஜெட் ஒன்றாக இருந்தாலும் அதைப் பொருள்களுக்குப் பிரிக்கும் விதத்தைப் பொறுத்துக் கோடு மேலோ கீழோ போகும். இரண்டு பொருள்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். மெக்கானிக்கல் சீல் ஒன்று 600 ரூபாய், சரக்கு வந்து சேரும் காலத்துத் தேவையின் திட்ட விலக்கம் 40, ஆண்டுக்கு 12 முறை ஆர்டர் போடுகிறோம். பேரிங் ஒன்று 2,400 ரூபாய், விலக்கம் 10, ஆண்டுக்கு 2 ஆர்டர். இரண்டிலும் ஒரு விலக்கத்தின் மதிப்பு 24,000 ரூபாய். இரண்டுக்கும் ஒரே மாதிரி 1.28 விலக்கத்தைப் பாதுகாப்பு இருப்பாக வைத்தால் 61,440 ரூபாய் முடங்கும். ஒவ்வொரு ஆர்டரிலும் தீர்ந்துபோக 10 சதவீத வாய்ப்பு. பார்ப்பதற்கு நியாயம்தான். ஆனால் சீல் ஆண்டுக்கு 12 முறை அந்த ஆபத்தைச் சந்திக்கிறது, பேரிங் 2 முறைதான். ஆண்டில் கொடுக்க முடியாமல் போகும் சரக்கின் எதிர்பார்ப்பு மதிப்பு 15,960 ரூபாய்.

அதே 61,440 ரூபாயில் சீலுக்கு 1.79, பேரிங்குக்கு 0.77 என்று மாற்றினால், இரண்டும் ஆண்டுக்கு 0.44 முறை தீரும். தட்டுப்பாட்டு மதிப்பு ஏறக்குறைய 10,300 ஆகிவிடும். ஒரு பைசா கூடுதலாக இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. காரணம் இதுதான்: கடைசியாகப் போடும் ஒரு ரூபாய் எந்தப் பொருளில் போட்டாலும் ஒரே அளவு தட்டுப்பாட்டைக் குறைக்கும் நிலையே சிறந்த பங்கீடு; தட்டுப்பாட்டை ரூபாயில் அளந்தால், எல்லாப் பொருளும் ஆண்டுக்கு ஒரே எண்ணிக்கையில் தீரும்போது அந்த நிலை வருகிறது.

ஆகவே அந்த எண்ணிக்கையை H1 கட்டத்தில் வைத்து அதை மட்டும் மாற்றினால் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் கிடைத்துவிடும். B ஆண்டுத் தேவை, C ஆர்டர் அளவு, D விலக்கம், E விலை, F எத்தனை விலக்கம் என்பது:

```
F2: =IF($H$1*C2/B2>=0.5,0,NORM.S.INV(1-$H$1*C2/B2))
G2: =B2/C2*D2*E2*(NORM.S.DIST(F2,FALSE)-F2*(1-NORM.S.DIST(F2,TRUE)))
```

D×E×F-ஐக் கூட்டினால் முதலீடு, G-ஐக் கூட்டினால் தட்டுப்பாடு. IF இல்லாமல் எழுதிய முதல் தாளில், ஆண்டுக்கு ஒரே முறை ஆர்டர் போடும் பொருள்களில் #NUM! என்று வந்தது, வேறு சிலவற்றில் எதிர்மறை இருப்பு வந்து மொத்தத்தைச் சத்தமில்லாமல் குறைத்திருந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று எண்ணமே போகும் பொருள்களுக்கு இந்த இயல்நிலைப் பரவல் பொருந்தாது. அவற்றைத் தனித் தாளுக்கு மாற்றினேன்.

திருத்திய கோட்டில் ஆண்டுக்கு 2 முறை என்ற புள்ளிக்குப் பாதுகாப்பு இருப்பு 17 லட்சம், தட்டுப்பாடு 30 லட்சம். 1 முறைக்கு 29 லட்சமும் 12.4 லட்சமும். 0.5-க்கு 38 லட்சமும் 5.4 லட்சமும். 0.25-க்கு 47 லட்சமும் 2.4 லட்சமும். முதல் 12 லட்சம் கூடுதல் முதலீடு 17 லட்சத்துக்கு மேல் தட்டுப்பாட்டைக் குறைத்தது. கடைசி 9 லட்சமோ 3 லட்சத்தைத்தான் குறைத்தது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுத் தேவையில் 0.5 என்ற புள்ளி 98.9 சதவீதச் சேவை. பழைய ஒரு மாத வழக்கத்தை அதே தாளில் போட்டேன்: 39 லட்சம் முடங்கி 19 லட்சத் தட்டுப்பாடு, கோட்டுக்கு வெகு மேலே தனிப் புள்ளியாக நின்றது. இரண்டாம் பயணத்தில் கணக்காளர் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, 38 லட்சத்துக்கு ஒப்புதல் கையெழுத்திட்டார்.

முதலாளிக்கு மட்டும் பேரிங் 0.77-க்கு இறங்கியதில் மனம் ஒப்பவில்லை. கோடையில் விவசாயிகளின் பம்பு நின்றால் பேரிங் அன்றே வேண்டும் என்றார். அதை மறுக்க என்னால் முடியவில்லை, ஏனெனில் ரூபாயில் அளந்த தட்டுப்பாட்டுக்குள் அந்த அவசரம் அடங்காது. 1.28-க்கு ஏற்ற எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார். 12,240 ரூபாய் என்று அங்கேயே சொல்ல முடிந்தது. பிப்ரவரி முதல் மே வரை அந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கி, ஜூனில் திரும்ப இறக்குவதாக எழுதிக்கொண்டோம்.