மாம்பழத்தை மோந்து பார்க்கும் பெரியவர்: ஒரு ஷாட்டுக்கு எழுதிய திருத்தக் குறிப்பு

கிருஷ்ணகிரியில் என்னிடம் அனிமேஷன் படிக்கும் ஒரு பையனுக்கு எழுதியது இது. எல்லா அசைவையும் ஒரே தாளத்தில் வைக்கிற இதே தப்பு வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் ஷாட்டில் வருகிறது, அதனால் அப்படியே போடுகிறேன்.

தம்பி, உன் ஷாட்டைப் பார்த்தேன். பெரியவர் மாம்பழக் குவியலைப் பார்க்கிறார், ஒன்றை எடுத்து மோந்து பார்க்கிறார், கடைக்காரரை நிமிர்ந்து பார்க்கிறார். 24 ஃப்ரேம் கணக்கில் அஞ்சு செகண்ட், 120 ஃப்ரேம். யோசனை நல்லா இருக்கு. ஆனா மனுஷன் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. தலை ஆடுகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, சும்மா இருக்க வேண்டிய இடது கையும் வலது கையோடு சேர்ந்து கூத்து கட்டுகிறது.

Blender-ல் கீ எல்லாம் வரிசையாகத் தெரிகிற Dope Sheet-ஐத் திறந்து பார். பத்து ஃப்ரேமுக்கு ஒரு கீ, அதாவது போஸைப் பதிவு பண்ணின புள்ளி, எல்லா எலும்புக்கும் அதே ஃப்ரேமில், வேலிக்கு நட்ட கல் மாதிரி வரிசையாக நிற்கிறது. ஷாட்டை ஓடவிட்டு, போஸ் மாறும்போதெல்லாம் மேஜையில் ஒரு தட்டு தட்டு. கடிகாரம் மாதிரி ஒரே தாளம்தான் வரும். பழத்தை எட்டி எடுப்பதும், மோந்து பார்ப்பதும், மனசுக்குள் விலை கணக்குப் போடுவதும் ஒரே வேகத்தில் நடந்தால் எது முக்கியம் என்று பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? என் முதல் ரீலை பெங்களூரில் ஒருத்தர் பார்த்துவிட்டு, "இந்த ஆள் ஏன் தண்ணிக்குள்ள நிக்கிறான்?" என்று கேட்டார். ஊருக்குத் திரும்புகிற பஸ் முழுக்க அதே யோசனைதான் எனக்கு.

சரி, வேலைக்கு வருவோம். உன்னிடம் 13 போஸ் இருக்கு, நாலு போதும். குவியலைப் பார்ப்பது, பழத்தைப் பிடிப்பது, மூக்கருகே வைப்பது, கடைக்காரரைப் பார்ப்பது. மற்றதை அழித்துவிடு. எல்லா கீயையும் தேர்ந்தெடுத்து T அழுத்தி Constant கொடு. இப்போ போஸ்கள் போட்டோ மாற்றுகிற மாதிரி டக் டக்கென்று மாறும், அது அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு போஸும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை இந்த நிலையிலேயே முடிவு பண்ணு. நான் வைத்துப் பார்த்த கணக்கு இது: 24 வரைக்கும் குவியலைப் பார்க்கட்டும், கண் மட்டும் நகரலாம். 24-லிருந்து 32-க்குள் கை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 38 வரை பிடி, கட்டைவிரல் ஒரு அழுத்து. 48-க்கு பழம் மூக்கருகே. அங்கிருந்து 84 வரை, ஒன்றரை செகண்ட், சும்மா நிற்கட்டும். ஷாட்டே அந்த 36 ஃப்ரேம்தான், மற்றதெல்லாம் அதற்கு வழி விடத்தான்.

அடுத்து, ஒரு போஸிலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போகிற Bezier-க்கு மாற்றும்போதுதான் எல்லாரும் சறுக்குகிறீர்கள். 48-ல் ஒரு போஸ், அடுத்தது, கடைக்காரரைப் பார்ப்பது, 93-ல் என்று விட்டால், நின்றுகொண்டிருந்த ஆள் 49-லேயே மெல்ல நகர ஆரம்பித்துவிடுவார், நீ பார்த்துப் பார்த்து வைத்த நிறுத்தம் காணாமல் போகும். அதனால் 48-ல் உள்ள போஸை 84-லும் காப்பி பண்ணி வை. ஆனா அச்சு அசலாக வைத்தால் வீடியோ உறைந்துபோன மாதிரி இருக்கும், ஆகவே 84-ல் நெஞ்சை மட்டும் துளி உயர்த்து, தலையை ஒரு நூல் சாய்த்துவிடு. மூச்சு இழுக்கிறார், அவ்வளவுதான்.

38-க்கும் 48-க்கும் நடுவில் உள்ள பத்து ஃப்ரேமையும் சமமாகப் பங்கு போடாதே. முதல் மூன்றில் பழம் குவியலைவிட்டு லேசாகத்தான் கிளம்ப வேண்டும், அடுத்த மூன்றில் பாதி தூரத்துக்கு மேல் தாண்டிவிட வேண்டும், கடைசி நாலில் மூக்கருகே வந்து அடங்க வேண்டும். 84-ல் முதலில் கண் போகட்டும், தலை மூன்று ஃப்ரேம் கழித்துப் பின்னால் போய் 93-ல் சேரட்டும். தலையும் கண்ணும் ஒன்றாகத் திரும்பினால் பொம்மை. இடது கையில் ஒரு மஞ்சப்பையைக் கொடுத்துத் தொங்கவிடு, அது வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, நீ வைத்திருக்கும் பழம் மூக்கு வளைந்த பெங்களூரா. நம்ம பக்கம் அது பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய், யாரும் இவ்வளவு நேரம் மோந்து பார்க்க மாட்டார்கள். செந்தூராவாக மாற்று.

வியாழக்கிழமைக்குள் Constant-ல் இருக்கும் ஷாட்டை மட்டும் அனுப்பு. அதற்கு முன்னால் ஏதாவது பழக்கடையில் ஒருத்தர் மோந்து பார்ப்பதை, அவரிடம் கேட்டுவிட்டு, போனில் எடுத்துப் பார். போன் 30 ஃப்ரேமில் எடுத்தால் அதில் 45 எண்ணினால்தான் நமக்கு 36.