எத்தனை மூட்டை?

"அண்ணா, எங்க கொல்லைக்கு யூரியா எத்தனை மூட்டை போடணும்?"

பாலக்கோடு பக்கம் உரக்கடையில் வேலை பார்க்கும் எனக்கு இது தினசரிக் கேள்விதான். கேட்ட தம்பி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தான். அப்பாவின் ஆதார் அட்டையைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என்ன பயிர் என்றேன். "ராகின்னு நினைக்கிறேன், ஓரத்துல கடலையும் இருக்கு." எத்தனை ஏக்கர்? "டிராக்டர் ஒன்றரை மணி நேரம் ஓட்டிச்சு." எந்தக் கலப்பை போட்டு ஓட்டினார்கள் என்று தெரியாமல் அதை வைத்து என்ன கணக்குப் போடுவது? மண் பரிசோதனை அட்டை பற்றிக் கேட்டதற்குச் சிரித்தான். அப்பா போனை எடுக்கவில்லை.

"கேட்டுட்டு வா தம்பி" என்று அனுப்பிவிட்டேன். எதிர்க்கடையில் ஒரு மூட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு போனான்.

நான் கேட்டது வீண் கேள்வி இல்லை. மானாவாரி ராகிக்கு ஏக்கருக்குப் பதினாறு கிலோ தழைச்சத்து பரிந்துரை. பாதி அடியுரத்தில் போயிருந்தால் மேலுரத்துக்கு எட்டு கிலோதான், அதாவது பதினேழு பதினெட்டு கிலோ யூரியா. நாற்பத்தைந்து கிலோ மூட்டை இரண்டரை ஏக்கருக்கு வரும். கிணற்றுப் பாசனம் என்றால் மேலுரத்துக்கே ஏக்கருக்கு இருபத்தாறு கிலோ யூரியா ஆகும். மானாவாரிக் கடலைக்கோ ஏக்கருக்கு நாலு கிலோ தழைச்சத்து போதும், மீதியை வேர் முடிச்சு பார்த்துக்கொள்ளும். ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் தழைச்சத்தோ இருபது கிலோவுக்கு மேல். அதை ஒரே ஏக்கர் கடலையில் கொட்டினால் செடி கருகருவென்று வளரும், பிடுங்கினால் காய் குறைவாகத்தான் இருக்கும். மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு தொடவேயில்லை.

சரி, அப்புறம் ஏன் உறுத்துகிறது? முந்தின ராத்திரிதான் மழை பெய்திருந்தது. மானாவாரியில் மேலுரம் அந்த ஈரத்தில் போட்டால்தான் உண்டு. தம்பி சாயங்காலம் ஓசூர் பஸ் ஏறிவிடுவான், அடுத்த ஞாயிறு ஈரம் இருக்குமா? அளவு தெரியாதவனுக்கு நாள் தெரிந்திருந்தது. எனக்கு அளவு மட்டும்தான் தெரிந்தது.

எதிர்க்கடைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. ராகி இரண்டு ஏக்கருக்குப் பக்கம் இருந்தால் அவர் கொடுத்தது கிட்டத்தட்ட சரியான அளவு. அதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சல்தான்.

"மூட்டையை எடுத்துப் போ, ராகிக்கு மட்டும் தூவச் சொல்லு, களை எடுத்த பிறகு தூவு, கடலைப் பக்கம் போகாதே, மிச்சத்தைக் கட்டி வை" என்று சொல்லி அனுப்பியிருக்கலாமோ? சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சேதி அவன் வாய் வழியாக அப்பாவிடம் போகும்போது "ஒரு மூட்டை போடச் சொன்னாங்க" என்றுதான் போயிருக்கும். மூட்டையைப் பிரித்த பிறகு கால் பங்கை எடுத்துவைக்கிற விவசாயியை நான் அதிகம் பார்த்ததில்லை.