அம்மாவின் புன்செய்க்குப் பிடித்த வரி திரும்ப வந்த கதை

எங்கள் ஊர் வழியாக நான்குவழிச் சாலை வந்தபோது அம்மா பெயரில் இருந்த 60 சென்ட் புன்செய் நிலம் அதில் போனது. இழப்பீடு 36 லட்சம், பணம் தர தாமதமானதற்கு வட்டி 80 ஆயிரம். ஆனால் 2022 நவம்பரில் வங்கிக் கணக்கில் ஏறியது 33,12,000 ரூபாய்தான். மொத்தத்துக்கும் 10 சதவீதம், அதாவது 3,68,000 ரூபாயை டிடிஎஸ் என்ற வரியாக முன்கூட்டியே பிடித்திருந்தார்கள்.

விவசாய நிலத்துக்கான இழப்பீட்டில் டிடிஎஸ் பிடிக்கவே கூடாது. அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194LA பிரிவிலேயே அது இருந்தது. பிறகு ஏன் பிடித்தார்கள் என்று நிலமெடுப்பு அலுவலகத்தில் கேட்டபோது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் பதிவேட்டில் கடைசி வருடம் "தரிசு" என்று இருப்பதைக் காட்டினார்கள். அந்த வருடம் மழை ஏமாற்றியதால் அம்மா விதைக்கவில்லை, அவ்வளவுதான். பணம் ஏற்கெனவே அரசுக்குக் கட்டியாகிவிட்டது, ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

முதலில் பார்த்த ஆலோசகர், மூலதன ஆதாயமாக, அதாவது சொத்து கைமாறியதில் வந்த லாபமாகக் காட்டி, பத்திரங்களில் முதலீடு செய்து வரியை மிச்சப்படுத்தலாம் என்றார். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் அப்படிச் செய்து, கையில் வந்த பணம் ஐந்து வருடம் முடங்கிப்போனதை நான் அறிவேன். இரண்டாவதாகப் பார்த்த பெண் ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "நிலம் எந்த ஊராட்சியில இருக்கு? பக்கத்துப் பேரூராட்சி எல்லை எவ்வளவு தூரம்?"

கிராமப்புற விவசாய நிலம் சட்டப்படி மூலதனச் சொத்தே அல்ல. ஆகவே அதற்கு மூலதன ஆதாயமும் இல்லை, வரியும் இல்லை, எதிலும் முதலீடு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. கிராமப்புறம் என்பதை முடிவு செய்வது தூரம். 10 ஆயிரத்துக்கு மேல், ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரம் என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். பத்து லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர். நகராட்சியை மட்டும் பார்த்தால் போதாது. சட்டம் "வேறு எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்" என்று சொல்வதால் பேரூராட்சியையும் கணக்கில் எடுக்கச் சொன்னார். தூரத்தைச் சாலை வழியாக அளப்பதில்லை. நகர எல்லையிலிருந்து வான்வழி நேர்கோட்டில் அளப்பார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அளந்து ஏமாறுபவர்கள் நிறைய.

எங்களுக்குப் பக்கத்துப் பேரூராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 14 ஆயிரம் சொச்சம். எல்லையிலிருந்து நிலம் நாலரை கிலோமீட்டர். தாசில்தாரிடம் மனு கொடுத்து, சர்வேயர் அளந்து, சான்றிதழ் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. கூடவே வி.ஏ.ஓ.விடம் முந்தைய ஐந்து வருட அடங்கல் நகல் வாங்கினேன். நான்கு வருடம் மணிலா, ஒரு வருடம் தரிசு. ஒரு வருடம் சும்மா கிடந்ததால் நிலத்தின் தன்மை மாறிவிடாது என்பதற்கு அதுதான் எங்கள் சாட்சி. நிலம் அந்த 2 கிலோமீட்டருக்குள் இருந்திருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 10(37) பிரிவு தந்த விலக்கைத்தான் நாட வேண்டியிருக்கும். அதற்குக் கையகப்படுத்துவதற்கு முந்தைய இரண்டு வருடமும் பயிர் செய்திருக்க வேண்டும், எங்களுக்கு அந்தத் தரிசு வருடமே சிக்கலாகியிருக்கும்.

2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி எடுத்திருந்தால் அதன் 96-வது பிரிவே வரிவிலக்கு தருகிறது, 2016-ல் மத்திய நேரடி வரிகள் வாரியமான சிபிடிடியின் சுற்றறிக்கையும் அதைச் சொல்லியிருக்கிறது. எங்களுடையது 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்தது. அந்த விலக்கு இதற்கும் பொருந்துமா என்று வழக்குகள் நடந்ததால், ஆடிட்டர் அதை நம்பாமல் கிராமப்புற நிலம் என்ற வாதத்திலேயே நின்றார்.

80 ஆயிரம் வட்டிக்கு மட்டும் விலக்கு இல்லை. அதில் பாதியைக் கழித்து மீதி 40 ஆயிரத்தை இதர வருமானமாகக் காட்டினோம். அம்மாவுக்கு வேறு வரிக்குரிய வருமானம் இல்லாததால் வரி வரவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாணையில் 12 சதவீதம் என்று ஒரு கூடுதல் தொகை இருக்கும். அதையும் பலர் வட்டி என்று எண்ணிவிடுகிறார்கள். அது இழப்பீட்டின் ஒரு பகுதி.

2023 ஜூலையில் ஐடிஆர்-2 போட்டோம். அங்கேதான் ஒரு தவறு நடந்தது. வரியில்லாத பணம்தானே என்று 36 லட்சத்தை எங்கும் காட்டாமல் டிடிஎஸ்ஸை மட்டும் கேட்டிருந்தோம். செப்டம்பரில் 139(9) பிரிவில் "குறைபாடுள்ள ரிட்டர்ன்" என்று நோட்டீஸ். பிடித்த வரியைக் காட்டும் வரித்துறையின் 26AS அறிக்கையில் தெரியும் வரவு ரிட்டர்னில் இல்லை என்பது காரணம். பதினைந்து நாள் அவகாசம். அதற்குள் முழு இழப்பீட்டையும் விலக்கு பெற்ற வருமானத்துக்கான Schedule EI-ல் எழுதித் திருத்தி அனுப்பினோம். தாசில்தார் சான்றிதழும் அடங்கலும் கேட்டால் கொடுக்கத் தயாராக ஃபைலில் இருந்தன.

நவம்பர் கடைசியில் 3,68,000 ரூபாயும், அதற்கு மாதம் அரை சதவீதக் கணக்கில் வட்டியும் அம்மாவின் கணக்குக்கு வந்தன. அந்த வட்டியும் அடுத்த வருட ரிட்டர்னில் காட்ட வேண்டிய வருமானம்தான். மீதமிருந்த நிலத்தில் மறு மாதமே போர்வெல் போட்டோம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. நான் சொன்ன எண்களை இப்போது படிவத்தில் எழுதும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். இன்னும் நிலம் போகாதவர்கள், இழப்பீடு கணக்கிடும் முன்பே அடங்கல் நகலையும் தூரச் சான்றிதழையும் நிலமெடுப்பு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பிடிக்கும் முன் தடுத்தால் ஒரு வருட அலைச்சல் மிச்சம்.