ஒரே கல், இரண்டு சர்டிபிகேட்

அம்மாவின் மோதிரத்து வைரக் கல்லை விற்கப் போனபோதுதான் இந்தக் குழப்பம் வந்தது. 0.71 காரட் வட்டக் கல். வாங்கியபோது கிடைத்த சர்டிபிகேட்டில் கலர் எஃப், கல்லில் குறை எவ்வளவு என்று சொல்லும் கிளாரிட்டி வி.எஸ்.2. வாங்க வந்தவர் கல்லைக் கழற்றி வேறொரு லேபில் சோதிக்கச் சொன்னார். அங்கே கலர் இரண்டு படி கீழே ஹெச், கிளாரிட்டி ஒரு படி கீழே எஸ்.ஐ.1 என்று வந்தது. கல்லை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன்.

தெரிந்த நகை மதிப்பீட்டாளரிடம் இரண்டு தாள்களையும் கொண்டுபோனேன். அவர் கலரையும் கிளாரிட்டியையும் பார்க்கவே இல்லை. எடை, விட்டம், உயரம் மூன்றையும் ஒப்பிட்டார். எடை இரண்டிலும் 0.71. விட்டத்தில் 0.01 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். படத்தில் விளிம்போரம் குறித்திருந்த மெல்லிய விரிசலும் அதே இடத்தில் இருந்தது. "கல் மாறலைம்மா. கருவி அளந்ததெல்லாம் ஒத்துப்போகுது, கண் பார்த்துச் சொன்னதுதான் மாறியிருக்கு" என்றார்.

கலரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் செய்து காட்டினார். கல்லை வெள்ளைத் தாள் மடிப்பில் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். லேபில் பக்கத்திலேயே தரம் தெரிந்த மாதிரிக் கற்களை வைத்து ஒப்பிடுவார்கள். ஒரு லேப் தன் மாதிரிக் கல்லை அந்தத் தரத்தின் மேல் எல்லையில் வைத்து, இன்னொன்று நடுவில் வைத்தால், எல்லையோரக் கல் ஒரு படி நகர்ந்துவிடும்.

ஆனால் என் கல் இரண்டு படி நகர்ந்திருந்ததே? இரண்டு தாளிலும் 'மீடியம் நீல ஒளிர்வு' என்று இருந்ததை அவர் காட்டினார். புற ஊதா ஒளி பட்டால் இந்தக் கல் நீலமாக ஒளிரும். நீலம் லேசான மஞ்சளை அமுக்கிவிடுவதால் கல் வெளுப்பாகத் தெரியும். டியூப் லைட்டுக்குக் கிட்டே பிடித்தபோது என் கண்ணுக்கே பளிச்சென்றிருந்தது. விளக்குக்கும் கல்லுக்கும் நடுவில் கண்ணாடி போன்ற ஒரு பாலிகார்பனேட் தகட்டை வைத்தார். அது புற ஊதாவைத் தடுக்கும். கல்லில் மங்கலாக ஒரு மஞ்சள் சாயை எழுந்தது! விளக்கு எது, எவ்வளவு தூரத்தில் என்பதிலேயே கலர் மாறுகிறது.

கிளாரிட்டியில் மர்மம் இல்லை. அதே விரிசலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸில் பார்த்து, தேடினால்தான் தெரிகிறது என்று ஒருவர் வி.எஸ். கொடுத்திருக்கிறார். பார்த்ததும் தெரிகிறது என்று மற்றவர் எஸ்.ஐ. கொடுத்திருக்கிறார். நான் லூப் பிடித்தபோது விரிசல் சட்டென்று கண்ணில் பட்டது. இரண்டாவது தாள்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது.

ஒரு படி வித்தியாசம் சகஜம், கலரிலும் கிளாரிட்டியிலும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் முதல் லேப் தாராளமாகப் போட்டிருக்கிறது என்று அர்த்தம் என்றார் அவர். ஹெச், எஸ்.ஐ.1 விலைக்கே கல்லைக் கொடுத்தேன்.