சோலார் ஃபோர்காஸ்ட்டில் 80% கவரேஜ் வந்துவிட்டதா? ராத்திரியைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு நிகழ்தகவு முன்கணிப்பை எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலை செய்தது ஜிஇஎஃப்காம் 2014 என்ற எரிசக்தி முன்கணிப்புப் போட்டியின் சோலார் டேட்டாவில். ஆஸ்திரேலியாவின் மூன்று சோலார் நிலையங்களுடைய மணிவாரி உற்பத்தி அதில் இருக்கிறது, 0 முதல் 1 வரையிலான அளவில். ஒரே எண்ணாகக் கணித்துக் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு மணிக்கும் 0.01 முதல் 0.99 வரை 99 குவான்டைல்கள் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பின்பால் லாஸில், அதாவது குவான்டைல் லாஸில்.

வைவாவில் இந்த லாஸின் சூத்திரத்தை ஒப்பித்தால் உடனே "ஏன் அப்படி?" என்று கேட்பார்கள். எண் வைத்துச் சொல்லிவிடுங்கள். 0.9 குவான்டைலாக 0.50 என்று கணித்திருக்கிறோம். உண்மை 0.60 என்றால் தண்டனை 0.9 × 0.10 = 0.09. உண்மை 0.40 என்றால் 0.1 × 0.10 = 0.01 மட்டுமே. குறைத்துச் சொன்னதற்கு ஒன்பது மடங்கு தண்டனை. அதனால் மாடல் தன் எண்ணை மேலே தள்ளிக்கொண்டே போகும். எங்கே நிற்கும்? நூறில் 90 முறை உண்மை கீழேயும் 10 முறை மேலேயும் விழும் இடத்தில். அங்கே இன்னும் கொஞ்சம் ஏற்றினால் 90 முறை ஒரு பங்கு நஷ்டம், 10 முறை ஒன்பது பங்கு லாபம். இரண்டும் 90, கணக்கு சரியாகிவிடுகிறது. கோங்கரும் பாசெட்டும் 1978இல் தந்த குவான்டைல் ரிக்ரெஷனின் அடிப்படை இதுதான். இவ்வளவு சொன்னால் போதும், நிரூபணம் கேட்டால் வகையிட்டுக் காட்டலாம்.

என்னிடம் அதிக நேரம் கேட்டது கேலிபரேஷன் பற்றித்தான். 0.1, 0.9 குவான்டைல்களுக்கு நடுவே உள்ளது 80% இடைவெளி. டெஸ்ட் டேட்டாவில் 80% மணிகள் அதற்குள் விழுந்தால் கேலிபரேஷன் சரி என்று எழுதிவிடத் தோன்றும். சோலாரில் அப்படி எழுதவே கூடாது. ராத்திரி உற்பத்தி பூஜ்யம், எல்லாக் குவான்டைல்களும் பூஜ்யம், எனவே கவரேஜ் 100%. பாதி மணிகள் இப்படி என்றால், பகலில் வெறும் 60% கவரேஜ் இருந்தாலும் சராசரி அழகாக 80% காட்டும். பின்பால் லாஸும் அப்படியே: ராத்திரி பூஜ்யங்கள் சேர்ந்து சராசரியைப் பாதியாக்கிவிடும். வேறொருவர் பகலுக்கு மட்டும் கணக்கிட்ட லாஸோடு அதை ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை.

ஆகவே சூரியன் தொடுவானத்துக்கு மேல் இருக்கும் மணிகளை மட்டும் எடுத்து, கீழ்ப்பக்கத் தப்பையும் மேல்பக்கத் தப்பையும் தனித்தனியாக, மணிவாரியாகப் பாருங்கள்:

```python
day = df[df.sun_elev > 0]
print((day.y < day.q10).groupby(day.hour).mean())
print((day.y > day.q90).groupby(day.hour).mean())
```

இரண்டு வரியிலும் 0.10 ஒட்டி வர வேண்டும். 0.03, 0.17 என்று வந்தாலும் மொத்தக் கவரேஜ் 80%தான், ஆனால் இடைவெளி முழுவதும் கீழே சரிந்திருக்கிறது என்று அர்த்தம். விடிகாலை மணிகளில் q10 பூஜ்யமாகவே இருக்கும், உற்பத்தி பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அங்கே முதல் வரி 0.00 காட்டுவது மாடலின் கோளாறு அல்ல. இதை அறிக்கையில் ஒரு வாக்கியமாக எழுதி வைத்தால் வைவாவில் ஒரு கேள்வி குறையும்.

அடுத்து, எவ்வளவு விலகினால் கவலைப்பட வேண்டும்? ஒரு மாதப் பகலில் சுமார் 360 மணிகள். அவை ஒன்றையொன்று சாராதவை என்றால் 80% கவரேஜின் திட்டப்பிழை 2% அளவில் இருக்கும். ஆனால் மேகம் கவிந்த ஒரு நாளில் எல்லா மணிகளும் சேர்ந்தே தப்பும். மிக மோசமான நிலையில் கையில் இருப்பது 30 நாள் மட்டுமே, திட்டப்பிழை 7%. எனவே ஒரு மாத டேட்டாவில் 74% வந்ததை வைத்து மாடலைக் குறை சொல்ல முடியாது. பூட்ஸ்ட்ராப் செய்வதானால் மணிகளை அல்ல, முழு நாட்களை எடுத்துக் குலுக்குங்கள்.

உண்மையிலேயே இடைவெளி குறுகலாக இருந்தால், ரோமானோ, பேட்டர்சன், காண்டெஸ் 2019இல் சொன்ன கன்ஃபார்மல் திருத்தத்தைப் போடலாம். தனியே ஒதுக்கிய டேட்டாவில் உண்மை இடைவெளியைத் தாண்டிய தூரத்தை அளந்து (உள்ளே விழுந்தால் அது எதிர்மறை), அந்தத் தூரங்களின் 80% குவான்டைல் அளவுக்கு இரு பக்கமும் விரிப்பதுதான் முறை. நாள் முழுவதற்கும் ஒரே அளவு விரித்தால் காலையில் தேவையில்லாமல் அகலும், நண்பகலில் போதாது. மணிவாரியாகச் செய்து, பூஜ்யத்துக்குக் கீழே போனதை வெட்டிவிட்டு, பகல் மணிகளின் பின்பால் லாஸை மறுபடி பாருங்கள். கவரேஜ் ஏறி லாஸும் ஏறியிருந்தால் தேவையில்லாத மணிகளையும் சேர்த்து விரித்திருக்க வாய்ப்பு அதிகம். மேகமூட்டமான நாட்களையும் தெளிவான நாட்களையும் பிரித்து மறுபடி எண்ண வேண்டியதுதான்.