வேலை முடிந்த பிறகு நான் கேட்கும் மூன்று கேள்விகள்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு அரிசிப் பை, பேக்கரிப் பெட்டி, கடைப் பலகை என்று டிசைன் வேலை செய்கிறேன். வேலை முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வரும் பதில் "நல்லம் தம்பி". அதை வைத்து அடுத்த வேலையில் எதையும் திருத்த முடியாது. கூகுள் போர்ம் லிங்க் அனுப்பினால் அந்த "நல்லம்" கூட வராது, ஏனென்றால் மில்லிலும் கடையிலும் நிற்கிற மனுசன் லிங்கைத் திறந்து பெயர், ஈமெயில், பத்துப் பதினைந்து பெட்டிகள் என்று பார்த்தவுடன் "பிறகு பார்ப்பம்" என்று மூடிவிடுவார்.

அதனால் இப்போது வட்ஸ்அப்பில் ஒரே மெசேஜ்தான், அதில் மூன்று கேள்வி. சம்மாந்துறையில் ஒரு அரிசி மில் ஹாஜியாருக்கு ஐந்து கிலோ, பத்துக் கிலோ பைகள் செய்து கொடுத்தபின் அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

"ஹாஜியார், பை வேலை முடிந்தது. மூன்று கேள்விதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும், வொய்ஸ் போட்டாலும் சரி.
1. பை கடைக்குப் போனபின் யாராவது ஏதாவது சொன்னார்களா?
2. வேலை நடக்கும்போது எந்த இடத்தில் இழுபட்டது, அல்லது விளங்காமல் இருந்தது?
3. அடுத்த பை செய்தால் எதை வேறு மாதிரிச் செய்யச் சொல்வீர்கள்?"

முதல் கேள்வி யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியது, தன் கருத்தைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் சொன்னதைச் சொன்னால் போதும். ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் மற்றதும் பெரும்பாலும் தானாக வரும். இரண்டாவதில் "ஏதாவது பிரச்சினை இருந்ததா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்கு "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்தில்" என்று கேட்கும்போது ஒரு இடம் இருந்திருக்கும் என்று நாமே ஒத்துக்கொள்கிறோம், அவருக்குச் சொல்வதில் சங்கடம் இல்லை. மூன்றாவது வரப்போகும் வேலையைப் பற்றியது, ஆகவே முகத்துக்கு நேரே குறை சொல்கிற மாதிரி இருக்காது.

ஹாஜியார் வொய்ஸ்தான் போட்டார், பின்னால் மில் மெசின் சத்தம். கடைக்காரர் ஒருவர் பைகளைப் படுக்கப் போட்டு அடுக்கினால் கிலோ எங்கே என்று தெரியவில்லை என்றாராம், முன்பக்கம் கீழேதான் எடை போட்டிருந்தது. அப்புறம் இரண்டாவதுக்கு: "தம்பி, நீங்கள் பிடிஎப் அனுப்பினீர்கள், போன்ல அது சின்னனாத் தெரியுது, நிறமும் சரியா விளங்கல்ல. மகன் ஊருக்கு வந்த பிறகுதான் ஓகே சொன்னேன்." அந்த வேலை ஏன் அவ்வளவு இழுபட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காசு விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாவது கேள்வியை அவர் தொடவேயில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை, தேவையானது வந்துவிட்டது.

நெய்த பிளாஸ்டிக் பையில் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு பிளேட் வெட்டுவார்கள், வெட்டிய பிறகு திருத்தம் என்றால் செலவு. அதனால் இப்போது பிளேட்டுக்கு அனுப்புவதற்கு முன் பையின் உண்மையான அளவில் கடதாசியில் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுக்கிறேன், எடையைப் பக்கவாட்டு மடிப்பிலும் போடுகிறேன். ஹாஜியாருக்கு அடுத்த நாளே இதைச் சொல்லி மெசேஜ் போட்டேன். சொன்னது வீணாகவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் மனம்விட்டுச் சொல்வார்கள்.

எப்போது அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். மிச்சக் காசு வருவதற்கு முன் கேட்டால் கதை விலைக்குத் திரும்பிவிடும், பைகள் கடைக்குப் போவதற்கு முன் கேட்டால் முதல் கேள்விக்குப் பதிலே இருக்காது. ஆகவே கணக்கு முடிந்து, சரக்கு கடைகளில் ஓரிரு வாரம் இருந்த பிறகு. மாதக்கணக்கில் தள்ளினால் எங்கே இழுபட்டது என்பதை மறந்துவிடுவார்கள். மில்காரர்களுக்குப் பெரும்போக அறுவடை நேரத்தில் அனுப்புவதில்லை, அப்போது நெல் லொறியைத் தவிர அவர்களுக்கு வேறு நினைப்பு இருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் தவிர்க்கிறேன்.

பதில் வராவிட்டால் சில நாள் கழித்து இரண்டாவது கேள்வியை மட்டும் தனியாக அனுப்புவேன், அதோடு நிறுத்திவிடுவேன். கோபமாக இருப்பவர் வட்ஸ்அப்பில் எழுத மாட்டார், அப்படித் தோன்றினால் போன் எடுத்துக் கதைக்க வேண்டியதுதான். இன்னொன்று, யாராவது நல்ல வார்த்தை சொன்னாலும் அதை அப்படியே எடுத்துப் பேஸ்புக்கில் போடுவதில்லை. போடலாமா என்று வேறொரு நாள் தனியாகக் கேட்பேன். விளம்பரத்துக்கு என்று முதலிலேயே தெரிந்தால் மறுபடியும் "நல்லம் தம்பி"தான் வரும்.