லேபிளில் ஓர் எழுத்துகூட மாறாமல் பின்னணி மாற்றியது

சித்தப்பா ஈரோடு பக்கம் மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டி விற்கிறார். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், மேலே தங்க நிற மூடி, வெள்ளை லேபிளில் பச்சை எழுத்தில் 'மரச்செக்கு நல்லெண்ணெய்'. ஆன்லைனில் விற்க ஒரு படம் வேண்டும், பழைய வீட்டு அடுப்படியில் ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். அப்படியொரு அடுப்படி எங்கள் யாரிடமும் இப்போது இல்லை. பின்னணியை மட்டும் ஏஐ வைத்து உருவாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் முயற்சி அரை மணி நேரத்தில் முடிந்தது. பாட்டிலைப் போனில் படம் எடுத்தேன். பாட்டில் மேல் மாஸ்க் போட்டு, "இதைத் தொடாதே, மற்றதை மட்டும் வரை" என்கிற வகையில் இன்பெயின்டிங் செய்தேன். வந்த படம் அழகாகவே இருந்தது. சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இது நம்ம லேபிள் இல்லியே?"

அவர் சொன்னது சரி. 'ல்லெ'யிலும் 'ண்ணெ'யிலும் இருந்த கொம்பு பக்கத்து எழுத்தோடு உருகி ஒட்டியிருந்தது. புள்ளிகள் பாதி காணோம். சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் வட்டம் ஒரு பச்சைத் திட்டாகிவிட்டது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண்ணின் 14 இலக்கங்கள் எண் மாதிரித் தெரிந்தன, ஆனால் எந்த எண்ணும் இல்லை. உணவுப் பொருளில் அந்த எண் வாங்குபவர் சரிபார்க்கக்கூடிய அடையாளம். அதைக் குலைத்து விற்பனைக்குப் போட முடியாது.

மாஸ்க் போட்ட இடம் ஏன் மாறியது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. தேடிப் படித்த பிறகு தெளிந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள் படத்தின் பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. முதலில் படத்தைச் சுருக்குகின்றன. எட்டுக்கு எட்டு பிக்சல் உள்ள ஒவ்வொரு கட்டமும், பிக்சலுக்கு மூன்று நிறம் என அதில் 192 எண்கள் இருந்தாலும், பல பதிப்புகளில் வெறும் நான்கு எண்களாகிவிடுகிறது. வேலை முடிந்ததும் அந்த நான்கிலிருந்து கட்டத்தைத் திரும்ப வரைகின்றன. மாஸ்க் போட்ட பகுதியும் இந்தச் சுருக்கி விரிக்கும் வழியாகத்தான் வெளியே வருகிறது. என் படத்தில் உரிம எண்ணின் ஓர் இலக்கம் ஆறு பிக்சல் உயரம்தான். ஒரு கட்டத்துக்குள்ளேயே முழு இலக்கமும் அடங்கிவிட்டால், திரும்ப வருவது ஊகம்தான். சில மென்பொருள்கள் கடைசியில் அசல் பிக்சல்களைத் தாமாகவே திரும்ப ஒட்டிவிடும், சில ஒட்டாது. அதை நம்பாமல், பாட்டிலை மாடலுக்குக் காட்டவே கூடாது என்று முடிவு செய்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. பாட்டிலை வைத்துக்கொண்டு சுற்றிலும் வரையச் சொன்னால், மாடல் பாட்டிலையே நீட்டிவிடுகிறது. அசல் பாட்டிலை மேலே ஒட்டி, அந்த லேயரை அணைத்து அணைத்துப் பார்த்தபோது தெரிந்தது: அடியில் கொஞ்சம் அகலமான தோள், மூடிக்கு மேல் இன்னொரு விளிம்பு. அசலைச் சுற்றி ஒரு ஆவி மாதிரி நின்றது.

இரண்டாம் முயற்சியில் பாட்டிலை வெள்ளைச் சார்ட்டின் முன் எடுத்து, வெட்டி, தனியாக உருவாக்கிய மரமேசையில் வைத்தேன். லேபிள் சரியாக இருந்தது. ஆனால் பாட்டில் மேசையில் நிற்கவில்லை, வழுக்கி விழப்போவதுபோல் தெரிந்தது. நிழலைக் கருமையாக்கிப் பார்த்தேன், மங்கலாக்கிப் பார்த்தேன். ஒரு மாலை முழுவதும் போனது. தவறு நிழலில் இல்லை, கேமராவின் உயரத்தில் இருந்தது.

கேமரா சாயாமல் மட்டமாக இருந்தால், அது மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் படத்தின் தொடுவானக் கோடு, அதாவது கண்மட்டக் கோடு, பொருளை வெட்டும். என் பாட்டில் 30 செ.மீ. உயரம். லென்ஸின் நடுப்பகுதி மேசையிலிருந்து 20 செ.மீ. ஆகவே கோடு பாட்டிலின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் போக வேண்டும். உருவாக்கிய படத்தில் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க, மேசைப் பலகைகளின் விளிம்புகளைப் பின்னோக்கி நீட்டினேன். அவை சந்திக்கும் இடம் பாட்டிலின் மூடிக்கும் மேலே இருந்தது. அதாவது மேசையை மேலிருந்து பார்க்கிறோம், பாட்டிலை நேராகப் பார்க்கிறோம். கண்ணுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் தப்பு தெரிந்துவிடுகிறது. சில படங்களில் விளிம்புகள் ஒரே இடத்தில் சந்திக்கவே இல்லை. அவற்றைச் சரிசெய்ய வழியில்லை, தள்ளிவிட வேண்டியதுதான்.

இதோடு இன்னொன்றையும் கவனித்தேன். உருவாக்கிய மேசையைப் பெரிதாக்கியபோது மரத்தின் ரேகை மாவு பூசினாற்போல் இருந்தது. பக்கத்திலேயே அசல் பாட்டில் கூர்மையாக நின்றது. அப்போதுதான் யோசனை வந்தது: பாட்டில் தொடுகிற இடத்தை ஏன் உருவாக்க வேண்டும்? நிழல், மரத்தில் விழும் பிரதிபலிப்பு, எண்ணெய் வழியாகப் போன வெளிச்சம் நிழலுக்குள் விழுந்து உண்டாக்கும் பொன்னிறத் திட்டு, இதெல்லாம் உண்மையான பலகையில் வைத்தால் தானாகவே கிடைத்துவிடும். பின்னால் மங்கலாகத் தெரிவதை மட்டும் உருவாக்கினால் போதும்.

மூன்றாம் முயற்சி அப்படித்தான். வீட்டில் கிடந்த பழைய கதவுப் பலகையைத் துடைத்து மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு பிடி எள்ளைச் சிதறவிட்டேன். உருவாக்கிய எள் எனக்கு ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை, அரிசியும் சீரகமும் கலந்த மாதிரியே வந்தது. இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டை. இந்த முறை நண்பரின் கேமராவை டிரைபாடில் மாட்டினேன், உயரம் அதே 20 செ.மீ., எஃப்/8.

முக்கியமான மாற்றம் பாட்டிலின் பின்னால். முன்பு வெள்ளைச் சார்ட் இருந்ததால், கண்ணாடிக் கழுத்தின் ஓரங்களில் வெள்ளை ஏறியிருந்தது. இருண்ட அடுப்படிக்கு முன் வைத்ததும் அந்த வெள்ளை ஓரம்தான் 'ஒட்டிய படம்' என்று காட்டிக்கொடுத்தது. ஆகவே பின்னணியை முதலில் உருவாக்கி, பாட்டில் வரப்போகிற இடத்தின் நிறத்தைப் பார்த்து, அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த பழுப்புச் சார்ட்டை வாங்கிப் பின்னால் நிறுத்தினேன். கண்ணாடிக்குள் தெரிவது இப்போது சரியான நிறம். வெட்டும்போது ஓரத்தில் ஒரு பிக்சல் கூடக் குறைய இருந்தாலும் தெரியாது.

எண்ணெய் நிறைந்த பாட்டிலில் ஒரு சிக்கல் உண்டு. அது உருளை லென்ஸ் மாதிரி, பின்னால் இருப்பதை இடம் வலமாகத் திருப்பிக் காட்டும். இடது பக்கம் பிரகாசமான ஜன்னல் பின்னணியில் தெரிந்தால், எண்ணெய்க்குள் அது வலது பக்கம் தெரிய வேண்டும். அதைக் கையால் போட்டால் எண்ணெயின் நிறத்தைத் தொட வேண்டிவரும். நல்லெண்ணெய் வாங்குகிறவர் முதலில் பார்ப்பதே நிறத்தைத்தான். அதனால் ஜன்னல் சட்டத்துக்கு வெளியே இருக்கும்படியும், வெளிச்சம் மட்டும் இடமிருந்து வரும்படியும், பாட்டிலுக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கும்படியும் பின்னணியைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் கல் செக்கும் மாடும் வைக்கலாமே என்று வீட்டில் ஒருவர் சொன்னார். சித்தப்பாவின் செக்கு மோட்டாரில் ஓடுகிறது, வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம் சேர்க்கும் வேலை. கேமரா படம் 4000×6000 பிக்சல். உருவாக்கிய பின்னணி 832×1216. பாட்டிலைச் சுருக்கிப் பின்னணிக்குள் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. சுருக்கினாலே பிக்சல் மாறிவிடும். நான் பாட்டில் படத்தை அப்படியே விட்டுவிட்டு, பின்னணியை ஆறு மடங்கு பெரிதாக்கினேன். மேலும் கீழும் நகர்த்த இடம் கிடைத்தது. தொடுவானக் கோடு பாட்டிலின் மூன்றில் இரண்டு பங்குக்கு வரும்வரை நகர்த்தினேன். பின்னணி எப்படியும் ஃபோக்கஸுக்கு வெளியே இருப்பதால் பெரிதாக்கிய மங்கல் உறுத்தவில்லை. ஆனால் கேமரா படத்தில் இருக்கும் மணல் மணலான இரைச்சல் அதில் இல்லாமல் மெழுகுபோல் இருந்தது, ஆகவே கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தேன், பின்னணிக்கு மட்டும்.

வெட்டுவதற்குத் தானியங்கிக் கருவி வேண்டாம் என்பது என் கருத்து. அது மூடியின் பிரகாசமான இடத்தைத் தின்றுவிட்டது. கிம்ப் என்கிற படத்திருத்த மென்பொருளில், புள்ளி வைத்துக் கோடு வளைக்கும் பாத் கருவியால் பாட்டிலைச் சுற்றி வந்தேன். பாட்டிலுக்குப் புள்ளிகள் அதிகம் தேவையில்லை, தோள் வளைவுகளில் மட்டும் பொறுமை வேண்டும். பாட்டில் ஓரத்துக்கு ஒரு பிக்சல் மென்மை, பலகையின் பின்விளிம்புக்கு 12 பிக்சல். அந்த விளிம்பு படத்திலேயே ஃபோக்கஸ் விட்டிருந்தது, கூர்மையாக வெட்டியிருந்தால் அட்டை மாதிரி இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு சோதனை செய்தேன். பாட்டிலை நகர்த்தவே இல்லை என்பதால் அசல் படத்திலும் கடைசிப் படத்திலும் லேபிள் ஒரே இடத்தில்தான் இருக்கும். இரண்டிலிருந்தும் லேபிளை மட்டும் வெட்டி, மாறிய பிக்சல்களை எண்ணிச் சொல்லும் இமேஜ்மேஜிக் கட்டளையால் ஒப்பிட்டேன்:

```
magick asal.png -crop 1300x1500+1350+3100 +repage a.png
magick mudivu.png -crop 1300x1500+1350+3100 +repage b.png
magick compare -metric AE a.png b.png null:
```

வர வேண்டியது பூஜ்யம். வந்ததோ ஏறக்குறைய 19 லட்சம் பிக்சல் மாறியிருக்கிறது என்று. கிட்டத்தட்ட லேபிள் முழுவதுமே. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் அகப்பட்டது: அடுப்படிக்கு இதமான மஞ்சள் சாயல் கொடுக்க, 'சாஃப்ட் லைட்' முறையில் ஒரு மஞ்சள் லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். வெள்ளை லேபிள் லேசாக வெண்ணெய் நிறமாகியிருந்தது, எண்ணெய் ஒரு படி சிவந்திருந்தது. அதைப் பாட்டிலுக்குக் கீழே இறக்கினேன். இப்போது பின்னணியின் சாயல்தான் பாட்டிலுக்கு ஏற்ப மாறுகிறது. முதலில் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தது, பின்னணியின் மஞ்சளைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. திரும்ப ஓட்டினேன். 0.

இந்தச் சோதனையை பிஎன்ஜி கோப்பில்தான் செய்ய வேண்டும். ஜேபிஜியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கமே பிக்சல்களைக் கொஞ்சம் மாற்றிவிடும், பூஜ்யம் வராது. கடையில் ஏற்றியது ஜேபிஜிதான், அதை உயர்ந்த தரத்தில் சேமித்து, உரிம எண் படிக்க முடிகிறதா என்று போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன்.

படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். பதினான்கும் முடிந்ததும், "செரி கண்ணு, ஏத்தீரு" என்றார்.